கார்டு மெஷினில் டைம் அவுட், வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது: கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“மெஷின் பணம் வரவில்லை என்கிறது, அவர் போன் பணம் போய்விட்டது என்கிறது, நான் எதை நம்புவது?” கடைகளுக்குக் கார்டு மெஷின் பொருத்திக்கொடுத்து, கோளாறு வந்தால் போய்ப் பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதிகமாக வரும் தொலைபேசி அழைப்பு இதுதான். கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் கடைகளில் கார்டைச் செருகியோ தட்டியோ பணம் செலுத்தும்போது நடப்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். யுபிஐ பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

மெஷினில் TIMEOUT என்று வந்தது. அவருக்கோ பணம் போனதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. எது உண்மை?

இரண்டும் உண்மை. பின் எண்ணை அழுத்தியதும் மெஷினிலிருந்து ஒரு கோரிக்கை கிளம்புகிறது. அது முதலில் உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கியின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றில் அந்தக் கார்டு எதைச் சேர்ந்ததோ அதன் வழியாக, வாடிக்கையாளரின் வங்கியை அடையும். அந்த வங்கி கணக்கைப் பார்த்து, தொகையைப் பிடித்துக்கொண்டு, சம்மதம் என்ற பதிலை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தி கிளம்புவதும் அப்போதுதான்.

அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் எங்காவது நின்றுபோனால், மெஷின் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்துவிட்டு TIMEOUT என்று காட்டிவிடும். அதற்கு “பணம் வரவில்லை” என்று பொருள் இல்லை. “எனக்குப் பதில் கிடைக்கவில்லை, என்ன நடந்தது என்று தெரியாது” என்பதே பொருள். பரிவர்த்தனை மறுக்கப்பட்டால் மெஷின் அதை DECLINED என்று தெளிவாகவே சொல்லும். பல கடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர் கணக்கிலிருந்து போய்விட்டது, என் கணக்குக்கு வரவில்லை. அப்படியானால் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது?

வாடிக்கையாளரின் வங்கியிடம். கார்டு பரிவர்த்தனையில் பணம் அந்த நொடியிலேயே உங்கள் கணக்குக்குப் பாய்வதில்லை. முதலில் நடப்பது அனுமதியும் பிடித்துவைத்தலும் மட்டுமே. வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்து, உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கி உங்கள் கணக்கில் தொகையைச் சேர்ப்பது அதற்குப் பிறகு, பெரும்பாலும் அடுத்த வேலை நாளில். அந்தத் தீர்வுப் பட்டியலில் இந்தப் பரிவர்த்தனை இடம்பெறுகிறதா இல்லையா என்பதுதான் கடைக்காரருக்கு முக்கியமான ஒரே கேள்வி.

வாடிக்கையாளர் எஸ்எம்எஸ்ஸைக் காட்டுகிறார். உண்மையான செய்திதான், ஏமாற்று இல்லை. பொருளைக் கொடுத்துவிடலாமா?

கூடாது. அவர் நேர்மையானவராகவும் செய்தி அசலாகவும் இருந்தாலும் கூடாது. அந்தச் செய்தி அவருடைய வங்கி பணத்தைப் பிடித்ததற்கு மட்டுமே சான்று. அது கடைக்கு வந்து சேரும் என்பதற்குச் சான்று இல்லை.

காரணம் இதுதான். பதில் கிடைக்காத மெஷின் சும்மா இருப்பதில்லை. “அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்” என்ற செய்தியைத் தானாகவே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. ரிவர்சல் என்பது அதுதான். இணைப்பு கிடைத்ததும், அல்லது அடுத்த வாடிக்கையாளரின் கார்டைப் போட்டதும், மெஷின் முதலில் அந்த ரத்துச் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் புதிய பரிவர்த்தனைக்குப் போகும். நீங்கள் குறுஞ்செய்தியைப் பார்த்து 7,000 ரூபாய்ப் பொருளைக் கொடுத்தனுப்புகிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்து வேறொருவர் 200 ரூபாய்க்குக் கார்டைத் தட்டுகிறார். அந்தக் கணத்தில் உங்கள் மெஷினே முதலாமவரின் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுகிறது. திரையில் சில விநாடிகள் ஏதோ அனுப்பப்படுவதாகத் தெரியும், யாரும் கவனிப்பதில்லை. நான் பார்த்த நஷ்டங்களில் பெரும்பாலானவை இப்படி நேர்ந்தவையே.

எல்லா மெஷினும் தானாக ரத்து செய்துவிடுமா? எங்கள் பக்கத்துக் கடையில் கொஞ்ச நேரம் கழித்து SUCCESS என்று வந்ததே?

வந்திருக்கும். பட்டன் வைத்த பழைய வகை மெஷின்கள் பதில் வராவிட்டால் ரிவர்சல் அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. தொடுதிரையும் செயலியும் உள்ள புதிய மெஷின்களில் சில, ரத்து செய்வதற்கு முன் “அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?” என்று சர்வரைக் கேட்கும். சர்வரில் வெற்றி என்று பதிவாகியிருந்தால் அப்படியே ஏற்றுக்கொண்டு சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும்.

உங்களுடையது எந்த வகை என்பதை, மெஷின் கொடுத்தவரிடம் இன்றே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். “பதில் வராவிட்டால் உங்கள் மெஷின் ரிவர்சல் அனுப்புமா, அல்லது நிலையைச் சரிபார்க்குமா?” என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். கூட்டம் நிற்கும் நேரத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

சரி, உண்மை நிலையைக் கடையில் இருந்தபடியே எப்படி உறுதி செய்வது?

முதலில் மெஷினிலேயே பாருங்கள். கடைசிப் பரிவர்த்தனையின் சீட்டை மறுபடி அச்சிடும் வசதி எல்லா மெஷினிலும் உண்டு, பெரும்பாலும் REPRINT அல்லது LAST RECEIPT என்ற பெயரில். வரும் சீட்டில் இந்தத் தொகையும், இந்தக் கார்டின் கடைசி நான்கு எண்களும், APPROVAL CODE அல்லது AUTH CODE என்று ஆறு இலக்கக் குறியீடும் இருந்தால், மெஷினுக்குப் பதில் வந்துவிட்டது, சீட்டு அச்சாகாததுதான் கோளாறு. காகிதம் தீர்ந்தாலும் இப்படி ஆகும். மாறாக, இதற்கு முந்தைய வாடிக்கையாளரின் சீட்டே வந்தால், மெஷினைப் பொறுத்தவரை இந்த வியாபாரம் நடக்கவில்லை.

அடுத்து, மெஷின் கொடுத்த வங்கியின் அல்லது நிறுவனத்தின் வணிகர் செயலியைத் திறந்து அன்றைய பட்டியலைப் பாருங்கள். அங்கே தெரிவது சர்வரில் உள்ள பதிவு என்பதால் மெஷினை விட அது மேலானது. SUCCESS, FAILED, REVERSED, PENDING என்ற சொற்களில் ஒன்று இருக்கும். PENDING என்றால் இன்னும் முடிவாகவில்லை. சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதை வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது.

செயலி இல்லை, அல்லது அதில் இந்தப் பரிவர்த்தனையே காணவில்லை என்றால் உதவி மையத்தை அழையுங்கள். எண்ணை மெஷினில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்தோ உங்கள் ஒப்பந்தத்திலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் எண்ணை அழைக்கவே வேண்டாம்; வங்கி உதவி மையம் என்ற பெயரில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்கள் அங்கே கலந்திருக்கின்றன.

உதவி மையத்தில் என்ன கேட்க வேண்டும்? அவர்கள் “24 மணி நேரம் பொறுங்கள்” என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

“பணம் வந்ததா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அழைப்பதற்கு முன் நான்கு விவரங்களைக் கையில் வைத்திருங்கள்: பழைய சீட்டு எதிலும் TID என்று அச்சாகியிருக்கும் எட்டு இலக்க மெஷின் எண், பரிவர்த்தனை நடந்த மணி நிமிடம், பைசா வரை சரியான தொகை, கார்டின் கடைசி நான்கு எண்கள். முழுக் கார்டு எண்ணையும் பின் எண்ணையும் யாரும் கேட்கத் தேவையில்லை, கேட்டால் வைத்துவிடுங்கள்.

பிறகு மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். இந்தக் கோரிக்கை உங்கள் சர்வருக்கு வந்ததா, வந்திருந்தால் பதில் குறியீடு என்ன? இதற்கு ரிவர்சல் வந்திருக்கிறதா? இன்றைய செட்டில்மெண்டில் இது சேருமா? முதல் கேள்விக்கு 00 என்றால் வாடிக்கையாளரின் வங்கி சம்மதித்திருக்கிறது. 91 என்றால் அந்த வங்கியை எட்ட முடியவில்லை. 68 என்றால் பதில் தாமதமாகிவிட்டது. ஆனால் 00 என்ற ஒன்றைக் கேட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. சம்மதம் இருந்து, ரிவர்சல் இல்லாமல், செட்டில்மெண்டிலும் சேரும் என்றால் மட்டுமே பணம் உங்களுடையது. கடைசியாகப் புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் RRN என்று 12 இலக்க எண் இருக்கிறதே, அது எதற்கு?

எந்த வங்கியில் விசாரித்தாலும் ஒரு பரிவர்த்தனையைத் தேடிப் பிடிக்க உதவும் எண் அதுதான். உங்கள் வங்கியும் அவருடைய வங்கியும் ஒரே பரிவர்த்தனையைத்தான் பேசுகின்றன என்பதை அதை வைத்தே உறுதி செய்வார்கள். டைம் அவுட் ஆனபோது உங்களிடம் சீட்டு இருக்காது. உதவி மையத்தில் கேட்டு வாங்கலாம், சில வங்கிகளின் குறுஞ்செய்தியிலும் கணக்கு அறிக்கையிலும் அது இருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. பல சர்வர்கள் இந்த எண்ணை ஒரு முறைப்படி உருவாக்குகின்றன: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஆகஸ்ட் 16 அந்த ஆண்டின் 228-ஆவது நாள், ஆகவே அன்றைய எண் 5228 என்று தொடங்கும். யாராவது பழைய செய்தியைக் காட்டிப் புதியது என்றால் இதில் தெரிந்துவிடும். எல்லாச் சர்வரும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், இதைச் சந்தேகப்படுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாம் கேட்கச் சரியாக இருக்கிறது. கடையில் கூட்டம் நிற்கும்போது எப்படி நடக்கும் என்று ஒன்றை முழுவதுமாகச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன அதே 2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு துணிக்கடையில் 6,840 ரூபாய்க்கு டெபிட் கார்டைச் செருகி, பின் எண் போட்டாயிற்று. மணி 7.42. மெஷின் பழைய வகை. ஒரு நிமிடத்தில் TIMEOUT. 7.43-க்கு அந்த அம்மாவின் போனில் 6,840 ரூபாய் எடுக்கப்பட்டதாகச் செய்தி. கடைக்காரர் REPRINT அழுத்துகிறார். முந்தைய வாடிக்கையாளரின் சீட்டு வருகிறது. ஆக, மெஷினுக்குப் பதில் வரவில்லை. அவர் ஒரு தாளில் நேரம், தொகை, கடைசி நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு, பையை மேசைக்குள் வைத்துவிட்டு உதவி மையத்தை அழைக்கிறார். “கோரிக்கை வந்திருக்கிறது, பதில் 00, ரிவர்சல் இன்னும் வரவில்லை” என்கிறார்கள்.

இப்போது நிலை தெளிவாகிவிட்டது. வங்கி சம்மதித்துவிட்டது, ஆனால் மெஷினுக்குள் ரத்துச் செய்தி காத்திருக்கிறது. அடுத்த கார்டு உள்ளே போனதும் அது கிளம்பிவிடும், இந்தப் பணம் கடைக்கு வராது. எனவே கடைக்காரர் நடந்ததை விளக்கி, வேறு வழியில் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். அம்மாவின் மகன் தன் கணக்கிலிருந்து யுபிஐயில் 6,840 செலுத்துகிறார், கடையின் செயலியில் வரவு தெரிந்ததும் பை கைமாறுகிறது. பிறகு அடுத்தவரின் 1,250 ரூபாய்க் கார்டைப் போடுகிறார்கள், ரிவர்சல் போகிறது, 1,250-க்குச் சீட்டு வருகிறது. செயலியில் 6,840 இப்போது REVERSED. செவ்வாய்க்கிழமை அம்மாவின் கணக்குக்குப் பணம் திரும்பிவிடுகிறது.

மகன் இல்லாமல் இருந்திருந்தால்? பொருளை ரசீதுடன் தனியே எடுத்துவைத்து, பணம் திரும்பிய பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் கடனாகக் கொடுக்கலாம். கடன் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதற்கும், பணம் வந்துவிட்டது என்று நினைத்துக் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் கணக்குப் புத்தகத்தில் பெயர் இருக்கும்.

உடனே அதே கார்டை இன்னொரு முறை போடலாமா?

மேலே சொன்ன விசாரிப்பு முடிந்த பிறகு போடலாம். முன்னதாகப் போட்டால் என்ன ஆகும் என்பது மெஷின் வகையைப் பொறுத்தது. ரிவர்சல் வகையில், முதலாவது ரத்தாகி இரண்டாவது வெற்றி பெறும். ஆனாலும் திரும்பும் பணம் கணக்குக்கு வரச் சில நாள் ஆகலாம் என்பதால், அவருக்கு இப்போதைக்கு இரண்டு முறை பணம் போனதாகத்தான் தெரியும். இருப்பு போதாமல் இரண்டாவது மறுக்கப்படவும் கூடும். நிலையைச் சரிபார்க்கும் வகையில் முதலாவதும் வெற்றியாகப் பதிவாகியிருந்தால், உண்மையிலேயே இரண்டு முறை வசூலாகிவிடும்.

ஆகவே மறுபடி போடும் முன், “முதலில் போனது திரும்பி வரும் வரை உங்கள் கணக்கில் இரண்டு தொகையும் குறைந்திருக்கும், சம்மதமா?” என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்டுவிட்டு வாக்குவாதத்தில் முடிந்த கடைகள் நிறைய.

இரண்டு முறையும் வெற்றி என்றே வந்துவிட்டது. இப்போது?

அன்றைய செட்டில்மெண்ட் செய்வதற்கு முன்பே கண்டுபிடித்தால், மெஷினில் VOID என்ற வசதியில் ஒன்றை ரத்து செய்யலாம். சீட்டில் உள்ள INVOICE எண்ணைக் கேட்கும். செட்டில்மெண்ட் ஆகிவிட்டால் VOID நடக்காது, வங்கி வழியாக ரீஃபண்ட் கொடுக்க வேண்டும். சில மெஷின்களிலும் செயலிகளிலும் அதை நீங்களே செய்யலாம், மற்றவற்றில் மின்னஞ்சலில் இரண்டு சீட்டுகளின் விவரத்தையும் அனுப்ப வேண்டியிருக்கும்.

ரிவர்சல், வாய்ட், ரீஃபண்ட் மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறோம். ரிவர்சல் மெஷினோ சர்வரோ தானாகச் செய்வது. வாய்ட், கணக்குத் தீர்வதற்கு முன் நீங்கள் செய்வது. ரீஃபண்ட், உங்கள் கணக்குக்கு வந்த பணத்திலிருந்து நீங்கள் திருப்பிக் கொடுப்பது. டைம் அவுட் ஆன பரிவர்த்தனைக்கு ரீஃபண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பணம் உங்களிடம் வரவே இல்லை.

“என் கணக்கில் எடுத்துவிட்டீர்கள், ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்” என்று சண்டை போடுகிறார். கொடுத்துவிட்டால் தொல்லை தீருமே?

கொடுக்காதீர்கள். உங்களிடம் வராத பணத்தைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். ரிவர்சல் முடிந்ததும் அவர் கணக்குக்கும் பணம் வரும். அவருக்கு இரு மடங்கு, உங்களுக்கு முழு நஷ்டம். பரிவர்த்தனை உண்மையில் வெற்றி பெற்றிருந்தாலும் ரொக்கம் சரியான வழி இல்லை. பிறகு அவர் வங்கியில் புகார் கொடுத்தால், நீங்கள் கையில் கொடுத்ததற்கு வங்கி ஏற்கும் சான்று எதுவும் இருக்காது.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பணம் போயிருக்கிறது, கையில் பொருளும் இல்லை, காகிதமும் இல்லை. கடையின் முத்திரையுடன் ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொடுங்கள்: தேதி, நேரம், தொகை, மெஷின் எண், கார்டின் கடைசி நான்கு எண்கள், “மெஷினில் டைம் அவுட் வந்தது, சீட்டு வரவில்லை, பொருள் கொடுக்கப்படவில்லை” என்ற வரி, உங்கள் புகார் எண். அவருடைய வங்கியில் அது மிகவும் உதவும். பாதிச் சண்டை அந்தக் காகிதத்திலேயே அடங்கிவிடும்.

அவருக்கு எத்தனை நாளில் பணம் திரும்பும்? அவர் கேட்டால் நான் என்ன சொல்ல?

இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடையில் கார்டு பயன்படுத்திக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, கடைக்கு உறுதிப்பாடு வராமல், அதாவது சீட்டு உருவாகாமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனை நாள் என்பது நாட்காட்டித் தேதி. இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி சேர்க்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே உள்ளது. 2019 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 16 உதாரணத்தில் கடைசி நாள் 21. அதற்குள் வராவிட்டால் அவர் தன்னுடைய வங்கியில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். புகார் கொடுக்க வேண்டியவர் அவர், கொடுக்க வேண்டிய இடம் அவருக்குக் கார்டு தந்த வங்கி. இதை நீங்கள் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிட்டால் அவர் மறுபடி மறுபடி உங்கள் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.

கிரெடிட் கார்டுக்காரர் “பணம் திரும்பவே இல்லை” என்கிறார். என் செயலியில் REVERSED என்று இருக்கிறது. எப்படி?

கிரெடிட் கார்டில் பல நேரம் தொகை பிடித்துவைக்கப்பட்டிருக்கும், செலவாகப் பதிவாகியிருக்காது. ரிவர்சல் வந்ததும் அந்தப் பிடிப்பு நீங்கி, அவருடைய செலவு வரம்பு பழைய அளவுக்குத் திரும்பும். “வரவு” என்று தனியே ஒரு வரி தோன்ற வேண்டியதில்லை, குறுஞ்செய்தி வராமலும் போகலாம். கார்டின் செயலியில் மீதமுள்ள வரம்பையும், மாதக் கணக்கில் இந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் அவர் எதையும் இழக்கவில்லை.

மெஷினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இணைப்புக் கோளாறு சரியாகலாம், பரிவர்த்தனை சரியாகாது. காத்திருக்கும் ரத்துச் செய்தி மெஷினின் நினைவில்தான் இருக்கிறது. மறுபடி உயிர் பெற்று இணைப்பு கிடைத்ததும் அது போகும். ஆபத்தானது வேறொன்று. சில மெஷின்களில் காத்திருக்கும் ரிவர்சலை அழித்துவிடும் வசதி உண்டு, CLEAR REVERSAL என்பது போன்ற பெயரில், பெரும்பாலும் கடவுச்சொல்லுக்குப் பின்னால். போனில் யாராவது சொன்னார்கள் என்று அதைத் தொடவே கூடாது. ரத்துச் செய்தி அழிந்துவிட்டால் சர்வரில் அந்தப் பரிவர்த்தனை வெற்றி என்று நிற்கும், உங்கள் மெஷினின் பதிவில் இருக்காது, வாடிக்கையாளரின் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பிறகு இரு வங்கிகளும் கணக்கை ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரவு செட்டில்மெண்ட் போட்டால் நடக்க மறுக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். ரிவர்சல் காத்திருந்தால் மெஷின் முதலில் அதை அனுப்ப முயலும், அது போகாத வரை செட்டில்மெண்டும் நகராது. சிக்னல் நல்ல இடத்துக்கு மெஷினைக் கொண்டுபோய், அல்லது வைஃபைக்கு மாற்றி, மறுபடி முயலுங்கள். அப்போதும் நடக்காவிட்டால் அப்படியே விட்டுவிட்டு உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

உதவி மையம் வெற்றி என்கிறது, ரிவர்சலும் இல்லை என்கிறது. ஆனால் மெஷினின் பட்டியலில் இது இல்லையே, பணம் வருமா?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான நிலை, விடை உங்கள் வங்கியின் முறையைப் பொறுத்தது. சில வங்கிகள் சர்வரில் உள்ள பதிவை வைத்தே உங்களுக்குப் பணம் கொடுக்கும். அங்கே மெஷின் பட்டியலில் இல்லாவிட்டாலும் வந்துவிடும். மற்ற வங்கிகளில் மெஷின் அனுப்பும் செட்டில்மெண்ட் பட்டியலே அடிப்படை. அதில் இல்லாததை அவர்கள் வாடிக்கையாளரின் வங்கியிடம் கோரவே மாட்டார்கள், பிடித்த தொகை நாளாவட்டத்தில் அவருக்கே திரும்பும்.

அதனால் “வெற்றி” என்ற வாய்வார்த்தையை ஏற்காமல், இந்த எண்ணுள்ள பரிவர்த்தனை எந்தத் தேதியில் எங்கள் கணக்கில் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும். பதில் வரும் வரை பணம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வங்கிக் கணக்கில் ஒரே தொகையாகத்தான் வருகிறது. இதில் அந்த ஒன்று இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கிக் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டணம் கழித்து, பல பரிவர்த்தனைகள் சேர்ந்து ஒரே வரியாக வந்திருக்கும். ரூபே டெபிட் கார்டுக்குக் கட்டணம் இல்லை, மற்றவற்றுக்கு உண்டு என்பதால் மனக்கணக்கும் பொருந்தாது. செயலியிலிருந்தோ மின்னஞ்சலிலோ கிடைக்கும் செட்டில்மெண்ட் அறிக்கையை எடுத்து, RRN எண்ணைத் தேடுங்கள். இருந்தால் வந்துவிட்டது. இல்லை என்றால் அடுத்த நாள் அறிக்கையையும் பாருங்கள், நள்ளிரவை ஒட்டி நடந்தவையும் தாமதமாகச் செட்டில் ஆனவையும் அங்கே போயிருக்கும்.

பொருளையும் கொடுத்துவிட்டேன், இன்று பார்த்தால் REVERSED என்று இருக்கிறது. வங்கி எனக்குத் தருமா?

தராது. வங்கியின் கண்ணில் உங்கள் மெஷினே ரத்து செய்யச் சொன்ன பரிவர்த்தனை அது. சீட்டும் இல்லை. மேலே சொன்ன 100 ரூபாய் இழப்பீடும் வாடிக்கையாளருக்கானது, கடைக்கானது இல்லை. கார்டும் அவரும் இல்லாமல் நீங்களாக மறுபடி வசூலிக்கவும் முடியாது.

அவரைத் தொடர்புகொள்வது ஒன்றே வழி. பில்லில் போன் எண் இருந்தால் அழைத்து, “உங்கள் கணக்கில் இந்தத் தேதியில் இந்தத் தொகை திரும்பியிருக்கும், பார்த்துவிட்டு அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள், செயலியில் REVERSED என்று காட்டும் பக்கத்தின் படத்தையும் அனுப்புங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலோர் கொடுத்துவிடுகிறார்கள், திரும்பி வந்ததையே அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். டைம் அவுட் ஆன ஒவ்வொரு முறையும் பெயரையும் போன் எண்ணையும் வாங்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மெஷினின் திரையில் கியூஆர் காட்டி யுபிஐயில் வாங்கும்போதும் இதே கதையா?

அடிப்படை ஒன்றே: அவர் போனில் தெரிவது அவர் பக்கம், உங்கள் செயலியில் தெரிவது உங்கள் பக்கம். ஆனால் யுபிஐயில் மெஷினிலிருந்து ரத்துச் செய்தி போவதில்லை. திரை நேரம் முடிந்து மூடிக்கொண்டாலும் பணம் பின்னால் வந்து சேரலாம். நிலையைச் சரிபார்க்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் செயலியில் பாருங்கள். கடைக்கு உறுதிப்பாடு வராத யுபிஐ பணத்துக்கும் அதே ஐந்து நாள், அதே 100 ரூபாய் விதிதான்.

அடிக்கடி இப்படி ஆகிறது. கோளாறு என் மெஷினிலா, அவர்கள் வங்கியிலா?

டைம் அவுட் ஆன கார்டுகள் எந்த வங்கியுடையவை என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளும் மாறி மாறி நின்றால் கோளாறு உங்கள் பக்கம்: சிம்மின் சிக்னல், வைஃபை, அல்லது மெஷின் கொடுத்தவரின் சர்வர். ஒரே வங்கியின் கார்டுகள் மட்டும் நின்று மற்றவை ஓடினால், அந்த வங்கியின் சர்வர். பண்டிகைக்கு முந்தைய மாலைகளில் இரண்டாவது வகை கூடும்.

உங்கள் பக்கம் என்று தெரிந்தால் முதலில் மெஷினை வைக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். இரும்பு ஷட்டருக்குப் பின்னாலும், அடித்தளத்திலும், இரும்பு அலமாரிக்குள்ளும் வைத்திருக்கும் மெஷின்களில் சிம் சிக்னல் விட்டுவிட்டு வரும். கோரிக்கை போகும்போது இருந்த சிக்னல் பதில் வரும்போது இல்லாமல் போவது அங்கேதான். வேறு நிறுவனத்தின் சிம் போட்டுத் தரச் சொல்லியும் கேட்கலாம்.